விறைப்புக் கோளாறு: மூச்சுப் பயிற்சியா, யோகாசனமா?

மாத்திரையோடு எதைச் சேர்ப்பது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

சான்று: 2014இல் வெளியான சிறிய ஆய்வில், டடாலஃபில் என்ற விறைப்பு மாத்திரை எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் 8 வாரம் வயிற்று மூச்சும் தசைத் தளர்வும் பழகினார்கள். விறைப்பு இரு குழுவிலும் மேம்பட்டது. மன அழுத்தம் பழகியவர்களுக்கே அதிகம் குறைந்தது. யோகாசனத்தில் 12 வாரப் பலன் காட்டிய 2010 ஆய்வில் ஒப்பிடக் குழுவே இல்லை.

எளிமை: மூச்சுக்குப் படுக்கை போதும். வயிற்றில் கை வைத்து 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். கைதான் எழ வேண்டும், நெஞ்சு அல்ல. ஆசனத்துக்கு நேரமும் கற்றுத்தர ஆளும் வேண்டும்.

யாருக்கு: விடியலில் வரும் விறைப்பு, துணையோடு இருக்கையில் மட்டும் வராமல் போகிறதா? பெரும்பாலும் பதற்றம்தான், மூச்சுப் பயிற்சி பொருந்தும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு ஆசனம். விடியல் விறைப்பும் மெல்ல மறைந்தால், முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள்.