பத்து லட்சம் காட்டிய காளான் கணக்கு: பெங்களூரில் பணம் கட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்

லிங்கராஜபுரத்தில் மாடி வீடு. மொட்டை மாடியில் சீட் போட்ட ஓர் அறை சும்மா கிடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். கடைசிப் பையன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வாட்ஸ்அப்பில் வந்ததுதான் அந்த விளம்பரம்: "பெண்களுக்கான சிப்பிக் காளான் தொழில், முதலீடு 85,000 மட்டும், 25 நாளில் அறுவடை, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்."

ஒரு நாள் பயிற்சி. அதற்குத் தனியாக 3,500 ரூபாய். பயிற்சி கொடுத்தவர் நம் ஆள்தான், நல்ல தமிழில் பேசினார். "மேடம், நீங்க கணக்கு புரிஞ்சவங்க, இதைப் பாருங்க" என்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட திட்ட அறிக்கையை நீட்டினார். பி.காம். படித்துவிட்டு பன்னிரண்டு வருஷமாகக் கணக்கையே தொடாதவளிடம் என்.பி.வி., அதாவது நிகர தற்போதைய மதிப்பு, போட்ட அறிக்கையை நீட்டினால் என்ன ஆகும்? மயங்கிவிட்டேன். இரண்டு வளையலை அடகு வைத்தேன்.

அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன். இதே அறிக்கை இன்னும் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறதோ தெரியாது.

ஒரு சுற்றுக்கு 100 படுக்கை. படுக்கை என்றால் வைக்கோலும் வித்தும் அடைத்து உறியில் தொங்கவிடும் பாலிதீன் பை. ஒரு படுக்கையில் 3 கிலோ வைக்கோல், அதில் 80 சதவீத விளைச்சல், ஆக 2.4 கிலோ. நூறு படுக்கைக்கு 240 கிலோ. ஒரு சுற்று 45 நாள் என்பதால் வருஷத்துக்கு 8 சுற்று. கிலோ 200 ரூபாய் வீதம் வருமானம் 3,84,000. செலவு சுற்றுக்கு 12,000, வருஷத்துக்கு 96,000. கையில் நிற்பது 2,88,000. பிற்பாடு கைக்கு வரும் பணத்துக்கு இன்று மதிப்புக் குறைவு என்பதால், ஐந்து வருஷ மிச்சத்தையும் வருஷத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அதாவது ஒரு வருஷ மிச்சத்தை 3.79-ஆல் பெருக்கினால், 10,91,000 சொச்சம். முதலீடு 85,000-ஐக் கழித்தால் நிகர தற்போதைய மதிப்பு பத்து லட்சத்துக்கு மேல்.

பெருக்கல், கழித்தலில் ஒரு தப்பும் கிடையாது. நானே இரண்டு தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மட்டும், "நகைக் கடன் வட்டி பத்துக்கு மேல இருக்கே, பன்னிரண்டுல போட்டுப் பாரு" என்றார். போட்டேன். ஒன்பதரை லட்சம் வந்தது. சரி, அம்பதாயிரம்தானே குறைகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டோம். பொய் வட்டியில் இல்லை, வைக்கோலில் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வண்டியில் சாமான் வந்து இறங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டும். நூறு படுக்கைக்கு என்று அனுப்பிய காய்ந்த வைக்கோல் மொத்தமே 100 கிலோ. போன் போட்டு, "சார், படுக்கைக்கு மூணு கிலோன்னு போட்டிருக்கீங்களே?" என்றேன். "ஊற வச்சா மூணு கிலோ ஆயிடும் மேடம்" என்றார். ஆகத்தான் செய்தது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலைத் துண்டாக நறுக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீர் வடித்தால் ஏறக்குறைய மூன்று கிலோவுக்கு வந்து நிற்கும். கூடுகிற இரண்டு கிலோவும் வெறும் தண்ணீர். காளான் அந்தத் தண்ணீரையா தின்று வளரும்? காளான் விளைச்சல் சதவீதத்தை உலகம் முழுக்கக் காய்ந்த எடைக்குத்தான் சொல்வார்கள். 80 சதவீதம் என்றால் ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 800 கிராம் காளான். இவர்கள் அதே 80-ஐ ஈர எடைக்குப் போட்டு ஒன்றை மூன்றாக்கியிருந்தார்கள்.

அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்துங்கள், மற்றதெல்லாம் அவர்கள் போட்டபடியே இருக்கட்டும். படுக்கைக்கு 0.8 கிலோ, சுற்றுக்கு 80 கிலோ, வருஷத்துக்கு 640 கிலோ, வருமானம் 1,28,000. செலவு அதே 96,000. மிச்சம் 32,000. 3.79-ஆல் பெருக்கி 85,000-ஐக் கழித்தால் வெறும் 36,000 சொச்சம். பத்து லட்சம் முப்பத்தாறாயிரமாகச் சுருங்கிவிடுகிறது. வட்டியை இரண்டு சதவீதம் ஏற்றியதற்கு அசையாத கணக்கு, ஒரு தராசை வைத்ததும் படுத்துவிட்டது.

இதையெல்லாம் பிற்பாடு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனபோதுதான் புரிந்துகொண்டேன். நம் ஊரிலேயே காளான் வித்தும் பயிற்சியும் கிடைக்கிற இடம் அது. முதலிலேயே அங்கே போகாதது என் தப்பு.

இனி முதல் சுற்றின் கதை. அவர்கள் அனுப்பிய வித்துப் பாக்கெட்டில் தேதியே இல்லை. நல்ல வித்தில் சோளமணி ஒவ்வொன்றையும் வெள்ளைப் பூசண இழை பஞ்சுபோல் மூடியிருக்கும், புதுக் காளான் வாசம் அடிக்கும். எனக்கு வந்ததில் இழை மஞ்சளடித்துப் போயிருந்தது, பாக்கெட் அடியில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கட்டியிருந்தது. அது பழைய வித்துக்கு அடையாளம் என்று அப்போது தெரியாது. கூடவே "சத்துப் பொடி" என்று ஒரு மூட்டை, கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய்க்கு. முகர்ந்தால் அரிசித் தவிடு வாசம். தவிடு கலந்தால் விளைச்சல் கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் நாம் வீட்டு டிரம்மில் வேகவைக்கிற வைக்கோலில் எல்லாக் கிருமியும் செத்துவிடாது. காளான் இழை பரவுவதற்குள் மிச்சமிருக்கும் பூசணம் அந்தத் தவிட்டைத் தின்று முந்திக்கொள்ளும். பத்தாவது நாள் பைகளில் பச்சைத் திட்டு. பச்சைப் பூசணம் பிடித்த படுக்கையை அப்படியே கட்டி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். திறந்து பார்த்தால் பக்கத்துப் படுக்கைக்கும் பரவிவிடும். நான் திறந்து பார்த்தேன். நூற்றில் 31 போனது.

மிச்சம் 69 படுக்கையில் மூன்று பறிப்பும் சேர்த்து 46 கிலோ.

"நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்ற ஒப்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் "முதல் தரம்" என்று ஒரு வார்த்தை இருந்தது. முதல் தரம் எது என்று அவர்கள்தான் சொல்வார்கள். காலை எட்டு மணிக்குள் எங்கள் செலவில் அவர்களுடைய குடோனில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் பறிப்பில் 28 கிலோவைக் கூடையில் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் இரண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "ஓரம் விரிஞ்சிருக்கு அக்கா, ரெண்டாம் தரம், கிலோ தொண்ணூறு" என்றான். சிப்பிக் காளான் வெளியே வைத்தால் ஒரு நாள், ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள். திருப்பிக்கொண்டு போய் யாரிடம் விற்பேன்? கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு பறிப்புக்கு அவர்கள் போனையே எடுக்கவில்லை.

ஓரம் விரிவதைப் பற்றி ஒன்று, இது யாரும் சொல்லித்தராதது. காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் வரை விட்டால் வித்துத்தூள் கொட்டும். மாடி அறைக் கதவு திறந்திருந்தால் அது கீழே வீட்டுக்குள்ளும் வரும். என் மாமியாருக்கு இரண்டு வாரம் விடாத இருமல். ஓரம் கீழே வளைந்திருக்கும்போதே பறிப்பது என்று ஆனதும், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும், மூக்கில் துணி கட்டாமல் உள்ளே போவதில்லை என்று வைத்துக்கொண்டதும் அடங்கியது. பயிற்சியில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு வித்தை ஹெசரகட்டாவில் வாங்கினேன். பொடி, கிடி எதுவும் இல்லை. வைக்கோலைக் கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அந்தப் பதம் வரும்வரை நிழலில் உலர்த்தினேன். இந்த முறை 15 படுக்கை போயிற்று, 64 கிலோ விளைந்தது. செலவும் படுக்கைக்கு 120-லிருந்து 65-க்கு இறங்கியது.

இப்போது என் சொந்தக் கணக்கு. எட்டுச் சுற்று நடக்காது. ஒரு சுற்று முடிந்தால் அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரமாவது காயவிட வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் சீட் கூரைக்குக் கீழே ஈரச் சாக்கு எத்தனை தொங்கவிட்டாலும் சிப்பிக் காளான் சுணங்கிவிடுகிறது. ஆகவே ஆறு சுற்று, 384 கிலோ, 76,800 ரூபாய். செலவு 39,000 போக 37,800. என் உழைப்புக்கு நாளுக்கு நூறு ரூபாய் என்று 300 நாளுக்கு 30,000 போட்டேன். பெங்களூரில் நூறு ரூபாய்க்கு யாரும் ஒரு மணி நேரம்கூட வரமாட்டார்கள், அது வேறு விஷயம். மிச்சம் 7,800. ஐந்து வருஷத்துக்கு இன்றைய மதிப்பு 29,500 சொச்சம். 85,000-ஐக் கழித்தால் 55,000-க்கு மேல் நஷ்டம்.

அவர்கள் கொடுத்த சாமானைக் கடையில் விசாரித்துப் பார்த்தேன். கயிறு, கம்பி, டிரம், தெளிப்பான், ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் எல்லாம் சேர்த்து 25,000-க்குள் அடங்குகிறது. அந்த முதலீட்டில் ஆரம்பித்திருந்தால் இதே கணக்கு நான்காயிரத்துச் சொச்சம் லாபத்தில் நிற்கும். பெரிய பணமில்லை, ஆனால் உழைப்புக் கூலி போகவும் பூஜ்யத்துக்கு மேல். தொழிலில் கோளாறு இல்லை, அந்த 60,000-தான் என்னைக் கவிழ்த்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பராமரிப்பு சரியில்ல மேடம், மத்தவங்களுக்கெல்லாம் வருதே" என்றார் அந்த சார். அந்த மத்தவங்களில் ஒருவருடைய நம்பர் கொடுங்கள் என்றேன். இன்று வரை வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரசீது, ஒப்பந்தம், தேதியில்லாத வித்துப் பாக்கெட்டின் படம் மூன்றும் இருக்கின்றன.

இப்போது 40 படுக்கைதான் போடுகிறேன். தெருவிலும் பக்கத்து அப்பார்ட்மென்ட்டிலும் 200 கிராம் பொட்டலம் 50 ரூபாய் என்று போகிறது. வளையல் இன்னும் மீளவில்லை.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்தது. உறி நிறையக் காளான் பூத்துத் தொங்குகிற ஒரு படம், கீழே "எங்கள் வெற்றித் தொழில்முனைவோர்". படத்தின் ஓரத்தில் நீலப் பெயின்ட் உரிந்த கதவு ஒன்று தெரியும். அது என் வீட்டுக் கதவு. முதல் பறிப்பன்று காலையில் சந்தோஷத்தில் நானே அனுப்பிவைத்த படம் அது.