ஜரிகையைப் பிடித்துத் தைக்க ஜரிகையா, சாதா நூலா?

தீபாவளி பிளவுஸின் கை பார்டரில் தடிமனான ஜரிகையைத் துணிமேல் படுக்க வைத்து, குறுக்கே சின்னத் தையல் போட்டுப் பிடிக்கிறோம். பிடிக்கும் நூல் எதுவாக இருக்கலாம் என்பதுதான் கேள்வி.

மெல்லிய ஜரிகையாலேயே பிடித்தால் தையல் கண்ணுக்கே தெரியாது, பளபளப்பும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஜரிகை என்பது உள்நூல்மேல் சுற்றிய மினுமினுப்புத் தகடு. துணிக்குள் போய்ப் போய் வர, ஊசிக் காதருகே அது உரிந்து வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். ஒரு முழத்துக்கு மேல் கோக்காமல் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

நான் மஞ்சள் பாலியஸ்டர் தையல் நூலைத்தான் எடுப்பேன், மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டு. உரியாது, முறுக்கிக்கொள்ளாது. உற்றுப் பார்த்தால் மட்டும் மங்கலான புள்ளிகள் தெரியும், தீபாவளிக் கூட்டத்தில் யார் அவ்வளவு கிட்ட வந்து பார்க்கப் போகிறார்கள்!

எந்த நூலானாலும் தடிமனான ஜரிகை வளையமாகத் தூக்கிக்கொள்வது தையல்களின் இடைவெளியால்தான். நேர்கோட்டில் 4 மி.மீ., மாங்காய் வளைவில் 2 மி.மீ., கூர்முனையில் சரியாக முனைமேலேயே ஒரு தையல். சட்டத்தில் துணி தொய்ந்திருந்தால், கழற்றியதும் ஜரிகை அலையலையாகக் கிளம்பும், அதை அப்புறம் சரிசெய்யவே முடியாது. ஜரிகையின் நுனியை மேலேயே வெட்டிவிடாமல், 2 செ.மீ. விட்டு, பெரிய காது ஊசியால் பின்பக்கம் இழுத்து அங்கேயே தைத்துவிடுங்கள்.