பழைய போனை வீட்டுக் கேமராவாக வைத்து இரண்டரை வருடம்: பேட்டரிதான் எல்லாமே

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த சமயம். நானும் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும், பகலில் அம்மா தனியாகத்தான் இருப்பார். ஹாலை மட்டும் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று, பீரோவில் கிடந்த என் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்தேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன், "ஹால்ல வச்சுக்கோ, ரூம் பக்கம் திருப்பாதே" என்றார். இன்று வரை அப்படித்தான் இருக்கிறது.

செயலியைப் போட்டு ஓட வைப்பது அரை மணி நேர வேலை. போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மை எடுத்துவிட்டு, இதற்கென்று தனியாக ஒரு மெயில் கணக்கைப் போட்டு, IP Webcam செயலியை நிறுவினேன். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன், அதில் பேங்க் செயலியோ சொந்த மெயிலோ இருக்கவே கூடாது. செயலியின் அமைப்பில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம். ரவுட்டரில் இந்தப் போனுக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால், வீட்டுக்குள் எந்த போனின் பிரவுசரிலும் இப்படி அடித்தால் படம் வரும்:

```
http://192.168.1.40:8080
```

இதை வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீர்கள். நான் ரவுட்டரிலேயே இருந்த வி.பி.என் வசதி வழியாக வீட்டு வைஃபைக்குள் வந்துதான் பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம் முதல் நாள் கதை. நான் சொல்ல வந்தது ஏழாவது மாதத்திலிருந்து நடந்தது.

போன் ஷோகேஸ் மேல் ஒரு ஸ்டாண்டில், திரை சுவரைப் பார்க்க, பின் கேமரா ஹாலைப் பார்க்க நின்றது. சார்ஜர் இருபத்து நாலு மணி நேரமும் செருகியே இருந்தது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து பார்த்தால் எப்போதும் தெரியும் வாசல் நிலையின் மேல் பாதி காணோம், தரை கூடுதலாகத் தெரிகிறது. அம்மா துடைக்கும்போது நகர்ந்திருக்கும் என்று நினைத்து போன் பண்ணிக் கேட்டேன். "நான் அத தொடவே இல்லப்பா" என்றார். அடுத்த வாரம் படம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பேட்டரி உப்பி, திரைக் கண்ணாடியை ஒரு ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டிருந்தது. அந்த உப்பல்தான் ஸ்டாண்டைத் தள்ளித் தள்ளி போனை முன்பக்கம் சாய்த்திருக்கிறது. மேசையில் படுக்க வைத்தால் ஆடியது.

அப்படி ஆன பேட்டரியை அழுத்திப் பார்க்கக் கூடாது, குத்தக் கூடாது, "இன்னும் ஓடுதே" என்று மறுபடி சார்ஜ் போடவும் கூடாது. சுவிட்சை அணைத்து, மொட்டைமாடியில் நிழலான இடத்தில், உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

உப்பியதற்குக் காரணம் இரண்டு. லித்தியம் பேட்டரி நூறு சதவீதத்திலேயே மாதக்கணக்கில் நிற்பது ஒன்று, சூடு இன்னொன்று. கேமராவும் வைஃபையும் ஓயாமல் ஓடுவதால் போன் எப்போதும் சூடாகவே இருக்கும், அது போதாதென்று நான் வைத்திருந்த இடத்தில் மேற்கு ஜன்னல் வெயில் வேறு. பாட்டு கேட்க மட்டும் பழைய போனை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது, அது தீரும்போதுதானே சார்ஜ் போடுகிறோம்.

இரண்டாவது போன் மனைவியுடையது, 3000 எம்.ஏ.எச் பேட்டரி. இந்த முறை முதலில் சூட்டைக் குறைத்தேன். வீடியோ அளவை 1920x1080-லிருந்து 640x480-க்கு இறக்கினேன், நொடிக்குப் பத்து ஃபிரேம் போதும் என்று வைத்தேன், திரையை அணைத்து ஓடவிட்டேன், ரப்பர் கவரைக் கழற்றினேன், இடத்தையும் மாற்றினேன். மே மாத மதியத்தில் 46 டிகிரி காட்டிய பேட்டரி, இப்போது அதே மாதிரி வெயிலில் 39-ஐத் தாண்டுவதில்லை. அம்மா சோபாவில் உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா என்று தெரிய இந்தப் படமே தாராளம்.

அப்புறம் சார்ஜ். மின்சாமான் கடையில் கிடைக்கும் சுற்றும் டைமர் பிளக் ஒன்று வாங்கினேன். வட்டத்தைச் சுற்றி 96 சின்னப் பற்கள், ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். சார்ஜர் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்ததில் மணிக்கு 16 சதவீதம் இறங்கியது. பழைய ஒரு ஆம்பியர் சார்ஜரில், ஓடிக்கொண்டே கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஏறியது. அதனால் எட்டுப் பல் ஆன், எட்டுப் பல் ஆஃப், அதாவது இரண்டு மணி நேரம் ஏறும், இரண்டு மணி நேரம் இறங்கும். பேட்டரி 43-க்கும் 75-க்கும் நடுவில் ஊசலாடும். கரண்ட் போனால் டைமரும் நின்று நேரம் தவறும், ஆனால் இங்கே மணி என்ன என்பதே முக்கியமில்லை, அதே சுற்று விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான்.

ஆனால் ஏற்றமும் இறக்கமும் அச்சாக ஒன்றாக இருக்காது. முதல் வாரமே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி 95-ஐத் தொட்டுவிட்டது. ஒரு பல்லை ஆஃப் பக்கம் மாற்றினேன், அடுத்த சில நாளில் கீழே இறங்க ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் செயலியின் பக்கத்தில் சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஒரு பல்லை ஏற்றுவதோ இறக்குவதோ வழக்கமாகிவிட்டது. இதற்கு நேரம் இல்லாதவர்கள் டைமரை வாங்க வேண்டாம், போனில் ஒரு செயலி சதவீதத்தைப் பார்த்து அணைக்கும்படி அமைக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக்குக்குப் போய்விடுங்கள். போனிலேயே 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, பழைய போன்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னும் தீராத குறைகள் இரண்டு உண்டு. இரவில் இருட்டில் எதுவும் தெரியாது, போன் கேமராவில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் விற்கும் சிசிடிவி மாதிரி இருட்டில் பார்க்காது. ஹாலில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிகிறது, உருவம் அசைவது தெரியும், முகம் தெரியாது. இன்னொன்று நீண்ட மின்வெட்டு. போனுக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லையே, அதனால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்க வேண்டியிருந்தது. அதையும் மீறி போன் தீர்ந்து அணைந்துவிட்டால், கரண்ட் வந்தாலும் சார்ஜ் ஏறுமே தவிர தானாக ஆன் ஆகாது, யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். போன் ஆன் ஆனதும் செயலி தானே தொடங்குவதற்கான அமைப்பைப் போட்டு வைத்திருப்பதால் அம்மாவுக்கு அந்த ஒரு பொத்தான் வேலைதான். பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

இந்தப் போன் ஒரு வருடம் பத்து மாதமாக ஓடுகிறது. மாதம் ஒரு முறை கையில் எடுத்து, திரை ஓரத்தை விரலால் தடவி, கண்ணாடி மேசையில் படுக்க வைத்து ஆடுகிறதா என்று பார்க்கிறேன். முழு சார்ஜில் ஆறு மணி நேரம் நின்றது இப்போது ஐந்து மணி நேரம் நிற்கிறது. மூன்றுக்கு வந்தால் பேட்டரியை மாற்றிவிடுவேன். அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் ஹாலில் நடக்கிறார், நேற்று மதியம் பார்த்தபோது ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தார்.