00, US, DE, IN: ரவுட்டரில் எந்த நாட்டை வைப்பது?

"ஐந்து கிகாஹெர்ட்ஸில் 149ஆம் சேனலை வையுங்கள், வீடு முழுக்க எட்டும்" என்ற ஆலோசனை இணையத்தில் எங்கும் கிடைக்கும். திருச்சியில் நண்பர் ஒருவர் அதை நம்பிச் செய்தார். அதுவரை 36ஆம் சேனலில் மாடி அறைக் கைபேசிக்கு மைனஸ் 64 டிபிஎம் என்று வந்துகொண்டிருந்த சிக்னல், மாற்றியதும் மைனஸ் 74க்குச் சரிந்தது. டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம். சேனலில் குற்றமில்லை. ரவுட்டரை அவருடைய தம்பி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதன் நாட்டு அமைப்பு இன்னும் DE என்றே இருந்தது.

ஒவ்வொரு நாடும் எந்தச் சேனலில், எவ்வளவு வலுவாக, என்ன நிபந்தனையோடு வைஃபை அனுப்பலாம் என்று தனித்தனியாக வகுத்திருக்கிறது. ரவுட்டருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்து, அந்த நாட்டின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் "எந்தச் சேனல் நல்லது" என்ற கேள்விக்கு, குறியீடு தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நம் வீடுகளில் அதிகம் தென்படும் நான்கு அமைப்புகளை, OpenWrt என்ற திறந்த மென்பொருளை ஏற்றிய ஒரு சாதாரண இரட்டை அலைவரிசை ரவுட்டரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைத் தேர்ந்தெடுத்த காரணம், உள்ளே நடப்பதை ஒளிக்காமல் காட்டும் என்பதுதான்.

00 என்பது நாடு அல்ல. "எந்த நாடென்று தெரியாது" என்பதற்கான குறி. எங்கும் சட்டத்தை மீறாதபடி எல்லாவற்றையும் சுருக்கி வைத்த அமைப்பு இது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 11 வரை 20 டிபிஎம் வலுவில் வேலை செய்யும். 12, 13 ஆகியவற்றைக் காதால் கேட்கலாம், தானாக வாய் திறக்கக் கூடாது. 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதற்கும் அதே விதி. ரவுட்டர் என்பதே முதலில் பேசத் தொடங்க வேண்டிய கருவி ஆதலால், 00 இருக்கும்வரை 5 கிகாஹெர்ட்ஸ் வலைப்பெயர் தோன்றவே தோன்றாது. பதிவேட்டைத் திறந்தால் `not allowed for AP mode` என்ற வரி நிற்கும். புதிதாக OpenWrt ஏற்றிவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ செத்துவிட்டது என்று ரவுட்டரைக் கழற்றப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

US என்பதற்கு இங்கே ஒரு தனி மோகம் உண்டு. அமெரிக்கா என்று வைத்தால் வலு கூடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பொய்யல்ல. இந்தியாவின் பழைய விதிகள் 5 கிகாஹெர்ட்ஸில் இறுக்கமாக இருந்தன; 100 முதல் 140 வரையிலான சேனல்கள் உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறக்கப்படவே இல்லை. 2018 அக்டோபரில் வந்த அரசிதழ் அறிவிப்பு அந்தப் பகுதியைத் திறந்து, வலு வரம்பையும் ஏறத்தாழ அமெரிக்க அளவுக்கு உயர்த்தியது. இப்போது இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 149 முதல் மேலே இரண்டிலும் 30 டிபிஎம். 36 முதல் 48 வரை இந்தியப் பட்டியலில் 30, OpenWrt வைத்திருக்கும் அமெரிக்கப் பட்டியலில் 23. நடுப்பகுதியில் இரண்டிலும் 24. ஆக, US வைத்து வலுவில் நாம் பெறுவது ஒன்றுமில்லை. இழப்பதோ 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13 சேனல்களை. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் 1, 6, 11 என்று குவிந்து கிடக்கும்போது, ஒதுங்க இருக்கும் ஒரே ஓரத்தை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் விற்ற ரவுட்டர் என்றால் நாட்டைத் தேர்வு செய்யும் பட்டியலே இருக்காது, அல்லது சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும். பயனர் நாட்டை மாற்றி வரம்பை மீற முடிந்தது என்பதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2016இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 2 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. அங்கே விற்கும் கருவிகளில் பூட்டு ஏன் இவ்வளவு இறுக்கம் என்பது இதிலிருந்து விளங்கும். உறவினர் வாங்கிவரும் அமெரிக்க ரவுட்டர் இங்கே வேலை செய்யும். 12, 13 மட்டும் அதன் கணக்கில் இல்லை. பக்கத்தில் வேறொரு ரவுட்டர் 13இல் இருந்தால், அதை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

DE தான் நான்கிலும் வம்பு பிடித்தது, ஏனென்றால் எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்களும் உண்டு, வலு மட்டும் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட். 36 முதல் 48 வரை 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். ஐரோப்பாவின் வலுவான பகுதி 100 முதல் 140 வரை; அங்கே ரேடாருக்கு வழிவிடும் நிபந்தனையோடு அதிக வலு தருகிறார்கள். 149க்கு மேலோ, குறுந்தூரக் கருவிகளுக்கான சலுகையில்தான் வைஃபை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரம்பு வெறும் 25 மில்லிவாட், அதாவது ஏறத்தாழ 14 டிபிஎம். சில ரவுட்டர்களின் ஜெர்மன் பதிப்பில் 149 கண்ணிலேயே படாது. நண்பருடையதில் பட்டது, அதுதான் சிக்கல்.

கணக்கு எளிது. ஒவ்வொரு 3 டிபிஎம் குறைவும் வலுவைப் பாதியாக்கும். 23இலிருந்து 14க்கு இறங்கினால் மூன்று முறை பாதி, எட்டில் ஒரு பங்கு. கைபேசியில் பத்து டிபிஎம் அளவுக்குச் சிக்னல் விழுந்தது இதனோடு பொருந்துகிறது. மிச்சம் ஒன்று கைபேசியை அப்படி இப்படித் திருப்பினாலே மாறக்கூடியது. இந்தியப் பட்டியலில் வலுவான பகுதியாக இருக்கும் அதே 149, ஜெர்மன் பட்டியலில் மிக நோஞ்சான். ஆலோசனை சொன்னவரும் தவறில்லை, கேட்டவரும் தவறில்லை. நடுவில் இரண்டெழுத்து இருந்தது.

IN வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரையும், 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 64, 100 முதல் 140, 149 முதல் 165 ஆகியவையும் வரும். 52 முதல் 140 வரையிலான பகுதியில் மட்டும் ரேடார் நிபந்தனை உண்டு: தொடங்கும் முன் ஒரு நிமிடம் ரவுட்டர் காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அந்த நிமிடத்தில் வலைப்பெயர் தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அணைத்துப் போட்டால், அது ஒருபோதும் தொடங்காது.

இந்தியாவில் இருப்பவருக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் IN. ஒரே ஒரு எச்சரிக்கை: மென்பொருள் பழையதாக இருந்தால் உள்ளே இருக்கும் இந்தியப் பட்டியலும் 2018க்கு முந்தையதாக இருக்கலாம். IN வைத்தும் 100 முதல் 140 வரை காணவில்லை என்றால் அதுவே அடையாளம். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமே தவிர, நாட்டை மாற்றக் கூடாது.

இனி, உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? இங்கேயும் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன, மூன்றும் ஒரே தரமல்ல.

முதல் வழி, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து நாட்டைப் பார்ப்பது. எல்லாரும் செய்வது இது, மூன்றில் மிகக் குறைவாக நம்பத்தக்கதும் இது. அந்தப் பக்கம் காட்டுவது நாம் கேட்டதை. ரேடியோ ஏற்றதை அல்ல. தொழிற்சாலையிலேயே ரேடியோவுக்குள் ஒரு நாடு எழுதிப் பூட்டப்பட்டிருந்தால், திரையில் இந்தியா என்றிருக்க, உள்ளே வேறு நாடு ஆண்டுகொண்டிருக்கும்.

இரண்டாவது, ரவுட்டருக்குள் நுழைந்து ரேடியோவையே கேட்பது. OpenWrt என்றால்:

```
uci show wireless | grep country
iw reg get
iw phy phy1 channels
```

முதல் வரி நம் அமைப்பைக் காட்டும். இரண்டு ரேடியோக்களுக்கும் ஒரே குறியீடு இருக்க வேண்டும். இரண்டாவதில் `global` என்ற தலைப்பின் கீழ் `country IN` என்று இருந்து, கீழே `phy#1` என்ற தனித் தலைப்பில் வேறு நாடு தெரிந்தால், பூட்டு அங்கேதான். மூன்றாவதுதான் பொன்னான கட்டளை. ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே அதன் உச்ச வலு, அல்லது `disabled`, தானாக வாய் திறக்கக் கூடாது என்பதற்கான `No IR`, ரேடார் குறிப்பு என்று வந்துவிடும். நண்பர் வீட்டில் 36க்கு எதிரே 23, 149க்கு எதிரே 13 என்று காட்டியது (25 மில்லிவாட் என்பது 13.98, தசமத்தை வெட்டிவிடுகிறது). எந்த ரேடியோ 5 கிகாஹெர்ட்ஸ் என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும்; `phy1` இல் 2.4 வந்தால் `phy0` என்று மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, வெளியிலிருந்து ஒட்டுக்கேட்பது. ரவுட்டர் நொடிக்குப் பல முறை அனுப்பும் அறிவிப்பில் பெரும்பாலும் தன் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்தே சொல்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த பெட்டிக்குள் நுழைய வழியில்லாதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். லினக்ஸ் மடிக்கணினியில்:

```
sudo iw dev wlan0 scan | grep -E "SSID|Country"
```

`wlan0` என்ற இடத்தில் உங்கள் கணினியின் வைஃபை பெயரை இடுங்கள். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் நாட்டுக் குறியீடு தெரியும். ஆனால் அது கணினி தனக்கென முடிவு செய்துகொண்ட நாடு. அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் பேச்சைக் கேட்டும் முடிவு செய்கிறது. ஒட்டுக்கேட்பதற்கு ஒரு குறை உண்டு: குறியீட்டைச் சொல்லுமே தவிர, உண்மையில் எவ்வளவு வலுவில் அனுப்புகிறது என்று அளந்து சொல்லாது. அதற்கு நண்பர் செய்ததுபோல, ஒரே இடத்தில் கைபேசியை வைத்து, சேனலை மாற்றி மாற்றிப் பார்ப்பதே வழி.

மாற்றுவது நான்கு வரிதான்:

```
uci set wireless.radio0.country='IN'
uci set wireless.radio1.country='IN'
uci commit wireless
wifi reload
```

இதன் பிறகு நண்பரின் பட்டியலில் 149க்கு எதிரே 23 என்று வந்தது, மாடியில் மைனஸ் 65. "30 வர வேண்டாமா?" என்று கேட்டார். பட்டியலில் தெரிவது சட்டத்தின் வரம்பு, ரேடியோவின் உச்சம் ஆகிய இரண்டில் சிறியது. அவருடைய ரேடியோவின் உச்சமே 23. எந்த நாட்டை வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. அப்படியே 30 வரை போகும் ரவுட்டர் வாங்கினாலும், கைபேசி திருப்பிப் பேசும் வலு அதிகமாகாது. கோடுகள் நிறையத் தெரியும், காணொளி அழைப்பில் நம் குரல் மட்டும் அந்தப் பக்கம் உடைந்து கேட்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரவுட்டரில் IN வைத்து 13ஆம் சேனலுக்குப் போனால், US என்று நம்பிக்கொண்டிருக்கும் பழைய அச்சுப்பொறியோ மலிவான வைஃபை பல்போ வலையையே காணாமல் போகலாம். ஒரு கருவிக்கு மட்டும் வலைப்பெயர் தெரியவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றால் கடவுச்சொல்லை நோண்ட வேண்டாம். சேனலை 11க்குக் கொண்டுவந்து பாருங்கள்.