டவுன்லோடு 100, அப்லோடு 8: ஒரு வருடம் ஓட்டிய 5ஜி வீட்டு இணைப்பு

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. அதனால் மொட்டை மாடியில் பெட்டி மாட்டித் தரும் 5ஜி வீட்டு இணைப்புதான். வருடம் ஒன்று தாண்டிவிட்டது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ். அப்லோடு நன்றாக இருக்கும் நேரத்திலேயே 8. விளம்பரத்தில் முதல் எண் மட்டும்தான் இருந்தது.

படம் பார்க்க, பாட்டு கேட்க ஒரு குறையும் இல்லை. வேலையே அனுப்புவதாக இருந்தால்தான் சிக்கல். 1 ஜிபி வீடியோ இறங்க ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. அதையே ஏற்ற 17 நிமிடம் ஆகும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் மச்சான் 40 ஜிபி அனுப்ப வேண்டுமென்றால் 11 மணி நேரம். அவர் பென் டிரைவோடு ஓசூர் பஸ் ஏறிவிடுகிறார். அதுதான் வேகம்.

ஆனால் உண்மையில் படுத்துவது பெரிய ஃபைல் இல்லை, வீடியோ கால். எதிரில் இருப்பவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். "உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருதுங்க" என்பார்கள். இப்படி ஒரு பக்கம் மட்டும் கெட்டால் அப்லோடு மேல்தான் சந்தேகம். காலுக்கு 3 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். எங்கள் வீட்டில் வாசல் கேமராக்கள் இரண்டும் கிளவுடுக்கு அனுப்புவதில் சுமார் 4 போய்விடும். அந்த நேரம் பார்த்து போனோ கம்ப்யூட்டரோ போட்டோ பேக்கப்பைத் தொடங்கினால் 8-உம் காலி.

அப்புறம் பக்கங்கள் திறப்பதுகூட இழுக்கும். ஒரு பக்கம் வேண்டும் என்று நாம் கேட்பதும், வந்து சேர்ந்தது என்று சொல்வதும் அப்லோடு வழியாகத்தானே போக வேண்டும்? அவை பேக்கப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை ஓடவிட்டுப் பாருங்கள்:

```
ping -t 8.8.8.8
```

சும்மா இருக்கும்போது எனக்குப் பதில் வர 30, 40 மில்லி செகண்ட். பேக்கப் ஓடினால் 600 தாண்டும், நிறுத்தினால் உடனே இறங்கும்.

கேமராவை மெமரி கார்டில் பதிவு செய்ய வைத்து, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படி மாற்றினேன். பேக்கப் செயலியில் அப்லோடு வரம்பு 400 என்று போட்டேன். அந்தக் கட்டம் கிலோபைட்டில் கேட்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 400 என்றால் 3.2 எம்பிபிஎஸ். பெரியதெல்லாம் ராத்திரிக்கு. இப்போது கால் விட்டுப் போவது அபூர்வம்.

பிளானை ஏற்றினால் தீருமா என்றால், இந்த வகை இணைப்பில் பெரும்பாலும் தீராது. 5ஜியில் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் போக, வர இரண்டுக்கும் பயன்படுத்துகிறார்கள்; பெரும் பங்கு டவுன்லோடுக்குத்தான். போதாததற்கு, நம் மாடிப் பெட்டியின் சக்தி டவருடையதைவிட மிகக் குறைவு. ஃபைபரில் அந்தத் தடை இல்லை, ஆனால் அங்கேயும் சில பிளான்களில் அப்லோடைக் குறைத்தே வைக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும்போது கேபிள்காரரிடம் நான் முதலில் கேட்கப்போவது இரண்டாவது எண்ணைத்தான்.