ஆன்லைன் தேர்வுக்கு ‘செட்டப்’ செய்து தருகிறோம் என்று சொல்லும் கடைகள்: லேப்டாப்பைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மகள், வீட்டிலிருந்தே எழுதும் ஒரு கிளவுட் சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தாள். தேர்வுக் கட்டணமே 12,000 ரூபாய்க்கு மேல். கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் பயந்துபோய், டவுனில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடையில் லேப்டாப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ‘எக்ஸாம் செட்டப்’புக்கு 2,500, ‘இது இருந்தால்தான் தேர்வு ஓடும்’ என்று தலையில் கட்டிய வெப்கேமுக்கு 1,800. பில் கிடையாது, ஒரு துண்டுத்தாளில் கூட்டல் மட்டும். லேப்டாப் நன்றாக இருக்கிறது, நேரே போய் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். தேர்வு தொடங்கவே இல்லை. சரிபார்ப்பு நிலையிலேயே ரத்தாகி, கட்டணமும் போயிற்று.

வார இறுதியில் ஊருக்குப் போனபோது அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். நான் சிஸ்டம் அட்மின் வேலையில் இருப்பவன். நடந்தது துரதிர்ஷ்டம் இல்லை, கடை செய்து வைத்த வேலையால்தான் என்பது உள்ளே பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அன்று நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன். அடையாள அட்டை, முகம், அறையின் நான்கு பக்கம் என்று போனில் படம் எடுத்து அனுப்பும் வரை சிக்கல் இல்லை. அப்புறம் தேர்வுக்கான பாதுகாப்பு நிரல் லேப்டாப் முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் எடுக்கப் பார்த்தது. உடனே ஒரு பட்டியல் வந்தது: இந்த அப்ளிகேஷன் ஓடுகிறது, மூடு என்று. அதில் இருந்தது எனிடெஸ்க். மூடினாள், திரும்ப வந்தது. மறுபடி மூடினாள், மறுபடி வந்தது. இதற்கிடையில் கேமரா கட்டத்தில் அவள் முகத்துக்குப் பதிலாக வெறும் கறுப்பு. கண்காணிப்பாளர் சாட்டில் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு அமர்வை முடித்துவிட்டார்.

எனிடெஸ்க் என்பது வேறொரு ஊரில் இருப்பவர் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து இயக்க உதவும் நிரல். கடைக்காரர் பிறகு ஏதாவது பிரச்சினை வந்தால் இங்கிருந்தே பார்க்கலாம் என்று அதைப் போட்டிருக்கிறார். அதுவும் சும்மா போடவில்லை. யாரும் அனுமதி கொடுக்காமலே உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டையும் வைத்து, விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடும் சர்வீஸாக நிறுவியிருக்கிறார். சர்வீஸாக இருப்பதை ஜன்னலில் உள்ள எக்ஸை அழுத்தி நிறுத்த முடியாது. முன்னால் தெரியும் ஜன்னல்தான் போகும், பின்னால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். தேர்வு நிரல் பார்ப்பது பின்னால் ஓடுவதை. வேறொருவர் தூரத்திலிருந்து தேர்வு எழுதிக் கொடுக்கும் மோசடிக்கு இதே வழிதான் பயன்படுகிறது, அதனால் கண்காணிப்பாளர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஒரு தேர்வுக்காக லேப்டாப்பைத் தயார் செய்கிறேன் என்று சொன்னவர், அந்தத் தேர்வு முதலில் தடுக்கும் பொருளையே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்!

உங்கள் லேப்டாப்பில் எனிடெஸ்க்கோ, அதே வேலையைச் செய்யும் டீம்வியூவரோ ஓடுகிறதா என்று பார்க்க, ஸ்டார்ட்டில் cmd என்று அடித்துத் திறந்து இதை அடியுங்கள்:

```
tasklist | findstr /i "anydesk teamviewer"
```

ஒன்றும் வரவில்லையென்றால் இந்த இரண்டும் ஓடவில்லை. ஒரு வரி வந்தாலும் ஓடுகிறது. அப்போது டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துப் போராடாதீர்கள். Settings-இல் Apps, அதில் Installed apps போய் முழுதாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அதே கட்டளையை மறுபடி அடித்துப் பாருங்கள். வாட்ஸ்அப், டீம்ஸ், ஜூம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் சின்னச் சின்ன நிரல்கள் வேறு கதை. அவற்றை அழிக்க வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் Startup apps பக்கத்தில் Disable செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும், விண்டோஸ் தொடங்கும்போது அவை தானாக எழாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்திப் பார்த்தால் மிச்சம் மறைந்திருப்பது தெரியும்.

அடுத்து அந்தக் கறுப்புத் திரை. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நேரமாயிற்று. அவர் விற்ற வெப்கேம் மட்டமான சரக்கு, படம் மங்கல். அதைச் சரிசெய்ய ஓபிஎஸ் என்ற வீடியோ நிரலைப் போட்டு, அதன் வழியாக வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறார். கடையில் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருந்திருக்கும். ஆனால் அந்தப் படம் வருவது நிஜக் கேமராவிலிருந்து இல்லை, ‘OBS Virtual Camera’ என்ற பொய்க் கேமராவிலிருந்து. ஓபிஎஸ் நிரல் பின்னால் ஓடினால்தான் அதில் படம் வரும். தேர்வு நிரல் மற்றதையெல்லாம் மூடியதும் ஓபிஎஸ் நின்றது, படமும் போயிற்று. நிற்காமல் இருந்திருந்தாலும் சிக்கல்தான். பொய்க் கேமரா வழியாக முன்பே பதிவு செய்த வீடியோவை ஓட்டிவிட முடியும் என்பதால் அதைக் கண்டாலே மறுப்பார்கள்.

இதைச் சோதிப்பது சுலபம். குரோமில் chrome://settings/content/camera என்று அடியுங்கள். மேலே எந்தக் கேமரா தேர்வாகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் லேப்டாப்பின் சொந்தக் கேமரா அல்லது யுஎஸ்பி கேமராவின் பெயர் இருக்க வேண்டும். Virtual என்ற சொல் எங்கே வந்தாலும் அந்த நிரலை நீக்குங்கள்.

அனுமதி விஷயத்தில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரவுசரில் கேமராவுக்கு ‘அலவ்’ கொடுத்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பல தேர்வுகளில் பிரவுசருக்குப் பதில் தனியாகத் தரவிறக்கும் நிரல்தான் ஓடும், அதற்கு பிரவுசர் அனுமதி பொருந்தாது. விண்டோஸ் 11-இல் Settings, Privacy & security, Camera என்று போனால் கீழே ‘Let desktop apps access your camera’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆன் ஆக இருக்க வேண்டும். Microphone பக்கத்திலும் அதே போல ஒன்று உண்டு. அவளுடைய லேப்டாப்பில் கேமராவுக்கு ஆன், மைக்குக்கு ஆஃப். அதாவது கேமரா பிழைத்திருந்தாலும் மைக்கில் மாட்டியிருப்பாள். கடையில் வேறு ஒரு அட்மின் கணக்கை உருவாக்கி அதில் சோதனை ஓட்டிப் பச்சை டிக் காட்டியிருக்கிறார்கள், அவள் உட்கார்ந்தது தன் சொந்தக் கணக்கில். இந்தச் சுவிட்சுகள் ஒவ்வொரு கணக்குக்கும் தனி.

அந்தப் பச்சை டிக்கை நம்பித்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு நடத்துபவர்கள் தரும் சிஸ்டம் டெஸ்ட் அந்த நிமிடத்தில், அந்த இடத்து நெட்டில், அந்தக் கணக்கில் எல்லாம் ஓடுகிறதா என்று மட்டுமே சொல்லும். கடையின் ஃபைபரில் பெற்ற டிக், கிராமத்து வீட்டின் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்குச் செல்லாது. தேர்வு எழுதப்போகும் அதே மேஜையில், அதே நெட்டில், தேர்வு நேரத்தை ஒட்டி நீங்களே ஓட்டிப் பாருங்கள். இலவசம்தான், 2,500 வேண்டாம்.

கேமரா வைத்த இடமும் தப்பு. கடைப் பையன் வீட்டுக்கு வந்து, காற்று வரும் என்று ஜன்னலுக்கு முதுகு காட்டி மேஜையைப் போட்டிருக்கிறான். வயல் பக்க ஜன்னல், காலை வெயில் நேராக உள்ளே விழும். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், முகம் கரியாகிவிடும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் திரை போட்டு இருக்க வேண்டும். வெப்கேமைத் திரையின் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டியிருந்தான். அப்படி வைத்தால் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் நீங்கள் வேறெங்கோ பார்ப்பது போலவே தெரியும். திரையின் நடு மேல் விளிம்பில், கண் மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். லேப்டாப் கேமராவே போதும், அடியில் இரண்டு தடிப் புத்தகம் வைத்து உயர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அதைத் தேர்வுக்கு முன்பே வைத்துவிடுங்கள், நடுவில் கை நீட்டினால் கேள்வி வரும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தனி அறை என்றால் பெரும்பாலும் பீரோ இருக்கும் அறைதான். அந்த ஸ்டீல் பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைக் கவனியுங்கள். கேமராவுக்கு நேர் எதிரே இருந்தால் கூடத்தில் நடந்து போகும் ஆத்தா உட்பட எல்லாமே அதில் விழும். அறைக்குள் இன்னொருவர் என்று கண்காணிப்பாளர் நினைத்தால் அதோடு சரி. ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டோம். கதவுக்கு உள் தாழ்ப்பாள் வேண்டும், டிவி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஃபேன், லைட் ஓடும், ரௌட்டர் மட்டும் நேர் கரண்டில் மாட்டியிருக்கும். அதையும் இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று ஈபி ஆபீஸில் கேட்டுவிட்டே தேதியைப் பதியுங்கள்.

கடையில் போய்க் கேட்டோம். “உங்க ஊர் நெட் சரியில்லங்க, சிஸ்டத்துல ஒண்ணுமில்ல” என்றார். எனிடெஸ்க் நிறுவப்பட்ட தேதியைத் திறந்து காட்டினேன், அது லேப்டாப் அவர் கடையில் இருந்த நாள். முகம் மாறியது. வெப்கேமைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1,800 கொடுத்தார், செட்டப் காசு மட்டும் “உழைப்புக்கு” என்று வைத்துக்கொண்டார். பில் இல்லாவிட்டாலும் ஜீபேயில் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய “ஆல் ஓகே” செய்தியும் இருந்தன. அவற்றை வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். தேர்வுக் கட்டணத்துக்குத் தேர்வு நடத்துபவர்களிடமும் கேட்டோம், நிரல் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்ததால் முடியாது என்று பதில் வந்தது. அவள் மறுபடி பணம் கட்டி, மேலே சொன்னபடி எல்லாம் மாற்றிய பிறகு எழுதிவிட்டாள். சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

இந்தப் பக்கம் எந்தக் கடையிலாவது தேர்வுக்காக லேப்டாப்பைக் கொடுத்து வாங்கியவர்கள், தேர்வு முடிந்திருந்தாலும் அந்தக் கட்டளையை இன்றே ஒருமுறை அடித்துப் பாருங்கள். வரி ஏதாவது வந்தால் நிரலை நீக்குங்கள், அப்புறம் வேறொரு போனிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். நீக்கும்வரை, உங்கள் லேப்டாப் நெட்டில் இருக்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரர் அதைத் திறக்கலாம்.