சத்தி எடுக்கும் நாளில் எந்த ஊசி காக்கும்? முதலாம் வகை நீரிழிவுள்ள கர்ப்பிணிக்குக் கலவை இன்சுலினும் பிரித்த இன்சுலினும்

முதலாம் வகை நீரிழிவோடு கர்ப்பமாகும் ஒருத்திக்கு வன்னியில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 30/70 கலவை இன்சுலினைக் காலையும் இரவும் அடிப்பது. இதில் 30 பங்கு சாப்பாட்டுக்கான தெளிந்த இன்சுலின், 70 பங்கு மெதுவாக நின்று வேலை செய்யும் கலங்கல் இன்சுலின். ஒரே குப்பி, இரண்டே ஊசி. இரண்டாவது, தெளிந்த இன்சுலினை மூன்று சாப்பாட்டுக்கும் வேறாகவும், ஐசோபேன் எனப்படும் கலங்கல் இன்சுலினை வேறாகவும் போடுவது. மூன்றாவது, அடிப்படைக்குக் கிளார்ஜினும் சாப்பாட்டுக்கு அஸ்பார்ட்டும் போன்ற புதிய வகைகள். அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்காத இடத்தில் இவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வழமையாக இவற்றைச் சீனி அளவை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அந்த இலக்கு மூன்றுக்கும் ஒன்றுதான்: வெறுவயிற்றில் 70 முதல் 95 மில்லிகிராம், சாப்பிடத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழ். கர்ப்பத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் கூடுதல் முக்கியம் என்பது எங்கள் கருத்து. சாப்பிட முடியாத நாளில், சாப்பாட்டுக்கான இன்சுலினை நிறுத்திக்கொண்டு உடம்புக்கான அடிப்படை இன்சுலினை மட்டும் போட முடியுமா? முதலாம் வகையில் உடம்பு தானாக இன்சுலின் சுரப்பதில்லை. பட்டினி கிடந்தாலும் அடிப்படை இன்சுலின் வேண்டும். அது நின்றால் கொழுப்பு உடைந்து கீட்டோன் சேரும், இரத்தம் அமிலமாகும்.

ஒரு தாயின் கணக்கு

52 கிலோ எடையுள்ள ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். கர்ப்பத்துக்கு முன் காலை 20, இரவு 12 என்று கலவை இன்சுலின் 32 யூனிட் போடுகிறார். (இந்த எண்கள் கணக்கை விளக்கத்தான், உங்கள் அளவை உங்கள் கிளினிக்தான் தீர்மானிக்கும்.)

ஒன்பதாம் கிழமையளவில் இருந்து பதினாறாம் கிழமை வரை இன்சுலின் தேவை குறையும். சாப்பாடும் குறைவு, சத்தியும் இருக்கும். கடுமையான தாழ்சீனி கூடுதலாக வருவது இந்தக் காலத்தில்தான், அதிலும் இரவில். இவருக்கு அதிகாலை 2 மணிக்கு 52, விடிய 6 மணிக்கு 140. ஏன் இப்படி? இரவு 7 மணிக்குப் போட்ட கலவையின் கலங்கல் பங்கு நடுச்சாமத்தை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது, விடியும்போது தளர்ந்துவிடுகிறது. விடியற்காலை எண்ணைக் குறைக்க இரவு ஊசியை 12இலிருந்து 16ஆகக் கூட்டினால், தெளிந்த பங்கு ஏறக்குறைய 1 யூனிட்டும் கலங்கல் பங்கு ஏறக்குறைய 3 யூனிட்டும் சேர்ந்து கூடும். 2 மணிக்கு அவர் 52க்கும் கீழே போவார். குறைத்தால் 140 இன்னும் ஏறும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். கலவையில் இதற்கு வழி இல்லை.

இடைவழி ஒன்று உண்டு. காலையில் கலவை, இரவுச் சாப்பாட்டுக்குத் தெளிந்தது மட்டும், படுக்கப் போகும் 10 மணிக்குக் கலங்கல். ஒரு ஊசிதான் கூடுகிறது, ஆனால் உச்சம் நடுச்சாமத்திலிருந்து விடியலுக்குத் தள்ளிப் போகிறது. நான்கு ஊசிக்கு மனம் இன்னும் ஒப்பாதவருக்கு இது நல்ல முதற்படி. ஆனால் காலையில் சத்தி எடுப்பவருக்கு இது உதவாது. காலை ஊசி இன்னும் கலவைதானே.

முழுதாகப் பிரித்தால் கணக்கு இப்படி வரும். தாழ்சீனி வருவதால் மொத்தத்தை 28ஆகக் குறைக்கிறோம். பாதி அடிப்படை: கலங்கல் காலை 6, இரவு 10 மணிக்கு 8. மீதி சாப்பாட்டுக்கு: தெளிந்தது 5, 4, 5. காலையில் இரண்டையும் ஒரே ஊசியில் எடுக்கலாம், தெளிந்ததை முதலில், கலங்கலைப் பிறகு. எனவே நாளுக்கு நான்கு குத்து.

கலங்கலை இரவில் மட்டும் போடும் முறையும் புழக்கத்தில் உண்டு. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அது ஓடும், ஏனெனில் தெளிந்த இன்சுலினின் வால் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் நீண்டு பகல் அடிப்படையையும் தாங்குகிறது. சாப்பாட்டை நிறுத்தினால் தெளிந்ததும் நிற்கும். இரவுக் கலங்கல் மத்தியானத்தோடு தீரத் தொடங்கும். பின்னேரம் உடம்பில் இன்சுலினே இல்லை. அதனால்தான் காலையிலும் அந்த 6 யூனிட்.

பதினோராம் கிழமை, விடியத் தொடங்கிய சத்தி

அதே தாய். காலை சீனி 110. எதுவும் வயிற்றில் நிற்கவில்லை.

கலவை போடுகிறவர் என்ன செய்வார்? 20 யூனிட் போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் தாழ்சீனி வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஊசியைத் தவிர்ப்பார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சாப்பாட்டு இன்சுலினோடு அடிப்படையும் போய்விட்டது. பின்னேரம் சீனி 190தான் இருக்கும், “பெரிதாக ஏறவில்லையே” என்று வீட்டார் ஆறுதலடைவார்கள். சலத்தில் கீட்டோன் மூன்று பிளஸ் நிற்கும்.

கர்ப்பத்தில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கும். கர்ப்பமில்லாத காலத்தில் 300, 400 என்று ஏறிய பிறகு வரும் கீட்டோ அமிலத்தன்மை, கர்ப்பத்தில் 200க்குக் கீழேயும் வரும். பிள்ளையும் சூல்வித்தகமும் குளுக்கோசை இழுத்துக்கொண்டே இருப்பதால் தாய் வேகமாகப் பட்டினி நிலைக்குப் போகிறார். கர்ப்பத்தில் மூச்சு கூடுவதால் இரத்தத்தின் பைகாபனேற்று முன்னரே குறைந்திருக்கிறது, அமிலத்தைத் தாங்கும் கையிருப்பும் குறைவு. ஆகவே சீனி எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பிரித்துப் போடுகிறவர் காலைக் கலங்கல் 6ஐப் போடுவார், தெளிந்ததை நிறுத்திவைப்பார். சீனி 70க்குக் கீழே என்றால் முதலில் அதைத் திருத்திவிட்டு, கலங்கலை ஒன்றிரண்டு யூனிட் குறைத்துப் போடலாம். பூச்சியம் ஆக்கக் கூடாது. பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனி, சலம் போகும்போதெல்லாம் கீட்டோன் பட்டி. சீனி போட்ட தேத்தண்ணியோ ஜீவனியோ ஒவ்வொரு மிடறாக. கீட்டோன் இருந்து சீனி ஏறாமலிருந்தால் உடம்புக்குச் சீனியும் வேண்டும், இன்சுலினும் வேண்டும். அந்த மிடறுகளுக்கு எத்தனை யூனிட் தெளிந்தது என்பதைக் கிளினிக்கில் முன்னமே கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருங்கள்.

அஸ்பார்ட் போன்றவற்றின் உண்மையான நன்மை இந்த நாளில்தான் தெரியும். தெளிந்த இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணித்தியாலம் முன் போட வேண்டும்; போட்ட பிறகு சத்தி வந்தால் திரும்ப எடுக்க முடியாது. அஸ்பார்ட்டை, புட்டோ கஞ்சியோ வயிற்றில் நின்ற பிறகு, நின்ற அளவுக்குப் போடலாம். காசு சிறிது இருக்கிறது, சத்தி கடுமை என்றால், முதல் நான்கு மாதத்துக்கு அதை மட்டும் வாங்குவது கிளார்ஜின் வாங்குவதைவிடப் பயன். கிளார்ஜின் நாள் முழுவதும் சீராக நிற்கும், உண்மைதான். ஆனால் அதன் அளவை மாற்றினால் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் செல்லும், இரவைக் குறைத்துப் பகலைக் கூட்டவும் முடியாது.

கீட்டோன் பட்டியில் ஒரு குறை: அது காட்டுவது அசிற்றோஅசற்றேற்று மட்டும். அமிலத்தன்மையில் கூடுதலாகச் சேரும் மற்றக் கீட்டோனை அது காணாது. காலை எழுந்தவுடன் ஒரு பிளஸ் சாதாரணமாக வரலாம், சாப்பிட்டு இன்சுலின் போட்டதும் மறைய வேண்டும். இரண்டு பிளஸ், அல்லது இரத்தக் கீட்டோன் மானியில் 1.5, அல்லது எதுவுமே வயிற்றில் நிற்காத நிலை: மூன்றில் ஒன்று போதும், முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ உடனே புறப்படுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். போனதும் “முதலாம் வகை, கர்ப்பம், இத்தனை மணித்தியாலமாகச் சத்தி, கீட்டோன் இவ்வளவு” என்று சொல்லுங்கள். சீனி 180 என்று மட்டும் சொன்னால் பின்வரிசையில் இருத்திவிட இடமுண்டு.

கிளினிக் நாள்

வெறுவயிற்றில் இரத்தம் எடுக்க வரச் சொல்வார்கள். கலவை போடுகிறவர் காலை ஊசியைப் போடாமல் பஸ் ஏறி, பத்து மணிக்குப் பிறகுதான் போடுவார். முந்திய இரவின் இன்சுலின் அதற்குள் தீரத் தொடங்கியிருக்கும். இரவு 10 மணிக்குக் கலங்கல் போட்டவருக்கு அந்த இடைவெளி இல்லை. மற்றப் பக்கம், காலையில் கலவை போட்டுச் சாப்பிட்டவருக்கு மத்தியானம் உச்சம் வரும். சோறு 2 மணிக்குத்தான் என்றால் வரிசையிலேயே நடுங்கி வியர்க்கும்.

தாழ்சீனிக்கு மருந்து: மூன்று மட்டமான தேக்கரண்டி சீனி, அரைக் குவளைத் தண்ணீரில். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் இன்னொரு தடவை. ஏறியபின் பிஸ்கற் இரண்டு. சொக்கிளேற்றின் கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். மயங்கினால் வாயில் எதுவும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990. இன்னொரு தவறு, தாழ்சீனி வந்த பயத்தில் அடுத்த கலங்கல் ஊசியை விடுவது. சீனி 46 என்று விழுந்தால் அதைத் திருத்தியபின் இரவுக் கலங்கலை 8இலிருந்து 6ஆகக் குறையுங்கள், விடாதீர்கள்.

அளவைக் கூட்டிக்குறைக்கும்போது 1 மில்லிலீற்றர் ஊசிக்குழாயைக் கவனியுங்கள். அதில் ஒரு கோடு 2 யூனிட். 5 யூனிட் எடுக்க, கோட்டுக்கு ஒரு யூனிட் உள்ள அரை மில்லிலீற்றர் குழாய் வேண்டும்.

இருபதாம் கிழமைக்குப் பிறகு

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். சூல்வித்தகத்தின் ஓமோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் தேவை கிழமைக்குக் கிழமை ஏறி, கடைசியில் இரட்டிப்பாகலாம். கூடுவது பெரும்பாலும் சாப்பாட்டு இன்சுலின்தான். பிரித்துப் போடும் முறையில் எந்த எண் எந்த ஊசிக்கு உரியது என்று தெரியும்: காலைச் சாப்பாட்டுக்குப் பிந்திய எண் மூன்று நாள் தொடர்ந்து 140ஐத் தாண்டினால் காலைத் தெளிந்ததில் 2 யூனிட் கூட்டலாம். விடியற்காலை எண் ஏறினால் இரவுக் கலங்கல், ஆனால் 2 மணிக்கு ஒருமுறை பார்த்த பிறகு. திரிபோஷாவிலும் மாவுச்சத்து உண்டு, அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

34ஆம் கிழமையில் நம் தாய் 62 கிலோ. தெளிந்தது 14, 12, 12; கலங்கல் 8, 16. மொத்தம் 62, கிலோவுக்கு ஒரு யூனிட். தெளிந்தது 14இலிருந்து 38ஆகியிருக்கிறது, கலங்கல் 14இலிருந்து 24. கலவையில் இந்த விகிதத்துக்கு இடமே இல்லை.

ஊசி அளவு மாறாமலே திடீரென்று சீனி ஏறினால், மருந்தையும் பாருங்கள். வன்னி வெயிலில் குப்பி கெடும். பிரிஜ் இல்லாவிட்டால் ஈரமணல் நிரப்பிய முட்டிக்குள் சிறு முட்டி வைத்து அதில் வைக்கலாம். தெளிந்தது கலங்கினாலோ, கலங்கலில் கட்டி பிடித்தாலோ எறிந்துவிடுங்கள். குறைமாதப் பிரசவ ஆபத்தில் பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டாலும் சில நாளுக்குச் சீனி பாயும். அது வாட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய காலம், வீட்டில் அல்ல.

36ஆம் கிழமைக்குப் பிறகு தேவை ஏறுவது நின்று சற்றே இறங்கலாம். காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால், சாப்பாடு குறையாமலே தாழ்சீனி தொடர்ந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையையும் சூல்வித்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சூல்வித்தகம் வெளியே வந்த கணமே அந்த 62 செல்லாது. பால் கொடுக்கும் தாய்க்கு, கர்ப்பத்துக்கு முந்திய 32இலும் கால்வாசி குறைத்து 24இல் தொடங்குவார்கள். பிரசவத்துக்குப் போகும் பையில் வைக்கும் கொப்பியின் முதற் பக்கத்தில் பழைய 32ஐ எழுதி வையுங்கள்.